முதல் வகுப்பு இலவசம், அதற்கடுத்து என்ன?

வெளிநாட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்குச் சென்னையிலிருந்தபடியே கர்நாடக சங்கீதம் சொல்லித்தரும் பாட்டு டீச்சர்கள் இன்று ஏராளம். மயிலாப்பூரிலோ மாம்பலத்திலோ வீட்டுக் கூடத்தில் ஒரு மடிக்கணினி, பக்கத்தில் ஒரு சுருதிப்பெட்டி, நாலைந்து நோட்டுப் புத்தகங்கள். இவ்வளவுதான் பள்ளிக்கூடம். மாணவர்கள் நியூஜெர்சியிலும் டல்லாஸிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். சேர்வதற்கு முன் ஒரு டெமோ வகுப்பை இலவசமாக எடுப்பது இவர்களில் பலருக்கு வழக்கம். அந்த வகுப்புக்கு அழைத்து, அதன் பின் என்ன நடக்கும் என்று பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் எழுதும் சிறு செய்தியைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். நல்ல டீச்சர், ஆர்வமுள்ள குழந்தை, மனமுள்ள பெற்றோர் என்று எல்லாம் அமைந்தும் வகுப்பு தொடங்காமலே போவது பெரும்பாலும் இந்தச் செய்தியில்தான்.

எப்படிப் போகிறது என்று பாருங்கள். நியூஜெர்சியில் இருக்கும் ஓர் அம்மா, தன் 7 வயது மகளுக்காக விசாரிக்கிறார். டீச்சர் பதில் போடுகிறார்: “வணக்கம். முதல் வகுப்பு இலவசம். உங்களுக்கு எப்போது வசதி என்று சொல்லுங்கள்.” மரியாதையான பதில்தான். அம்மா இரண்டு நாள் கழித்து “வெள்ளிக்கிழமை சாயங்காலம் முடியுமா டீச்சர்?” என்று கேட்கிறார். எந்த ஊர் வெள்ளிக்கிழமை? அங்கே வெள்ளி மாலை 7:30 என்றால் இங்கே சனிக்கிழமை விடியற்காலை 5 மணி. டீச்சர் அதை இங்கத்திய வெள்ளி மாலை என்று எடுத்துக்கொண்டு “சரி” என்கிறார். ஒருவர் ஜூமைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறார், மற்றவர் வரவில்லை. மன்னிப்பு, மறுபடி ஒரு நேரம், நடுவே குழந்தைக்குப் பள்ளியில் ஏதோ நிகழ்ச்சி. மூன்றாவது வாரம் பேச்சே நின்றுவிடுகிறது. இதில் யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. “எப்போது வசதி?” என்ற திறந்த கேள்விதான் இருவரையும் இப்படி அலைய வைத்தது.

பிழைப்பு நெருக்கடியில் இருக்கும் டீச்சருக்கு, நேரத்தைத் தானே தீர்மானித்துச் சொல்வது அதிகாரம் செய்வதுபோலத் தோன்றும். உண்மையில் பெற்றோருக்கு அதுதான் நிம்மதி. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே கைப்பேசியைப் பார்க்கிற ஒருவர், இரண்டு நேரங்களில் ஒன்றைத் தேர்ந்து “ஞாயிறு” என்று ஒற்றைச் சொல்லில் பதில் போட்டுவிடலாம். தன் வாரம் முழுவதையும் யோசித்து ஒரு நேரத்தைக் கண்டுபிடித்து, அது டீச்சருக்குச் சரிப்படுமா என்று தயங்கித் தயங்கி எழுதுவது ஒரு வேலை. வேலையென்றால் தள்ளிப்போகும்.

அதே நியூஜெர்சிக் குடும்பத்துக்கு இப்படி ஒரு செய்தி போயிருந்தால் எப்படி இருந்திருக்கும்? மாதிரிக்கு எழுதிப் பார்க்கிறேன். கட்டணத் தொகையும் மாதிரிதான்.

“வணக்கம். மகளுக்கு 7 வயது, இதுவரை பாட்டு கற்றதில்லை என்று சொல்லியிருந்தீர்கள். அவளுக்கு 30 நிமிட இலவச வகுப்புக்காக இரண்டு நேரம் எடுத்து வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 13, சனி: உங்கள் ஊரில் காலை 8:00, சென்னையில் மாலை 5:30.
செப்டம்பர் 14, ஞாயிறு: உங்கள் ஊரில் காலை 9:00, சென்னையில் மாலை 6:30.

எது வசதி என்று 11ஆம் தேதி, வியாழன், உங்கள் ஊர் இரவுக்குள் சொல்லுங்கள். அதுவரை இரண்டையும் வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

முதல் 20 நிமிடம் குழந்தையோடு. அவளுக்குத் தெரிந்த ஏதாவது ஒரு பாட்டைப் பாடச் சொல்வேன், எந்த மொழியானாலும் சரி. பிறகு அவள் குரலுக்கு ஏற்ற சுருதியைப் பார்த்து, ஒன்றிரண்டு வரி சொல்லித் தருவேன். முன்கூட்டித் தயார் செய்ய வேண்டாம். கடைசி 10 நிமிடம் நீங்களும் வாருங்கள், பேசலாம். கைப்பேசியைவிட மடிக்கணினி நல்லது. நான் வகுப்பைப் பதிவு செய்ய மாட்டேன்.

என் கருத்தை அன்றைக்கே எழுதி அனுப்புகிறேன். சேர்வதானால் 17ஆம் தேதிக்குள் சொல்லுங்கள், 20ஆம் தேதி சனிக்கிழமையிலிருந்து வகுப்பு. விஜயதசமியன்று தொடங்க விருப்பமானால் அப்படியே செய்யலாம். மாதம் 4 வகுப்பு, கட்டணம் 3,000 ரூபாய், மாதத் தொடக்கத்தில். சேரவில்லையென்றாலும் ஒரு வரி போடுங்கள், தவறாக எண்ண மாட்டேன்.”

கைப்பேசியில் ஒரு திரை, மிஞ்சினால் ஒன்றரைத் திரை. இதைக் குரல் பதிவாக அனுப்பக்கூடாதா என்று சிலர் கேட்பார்கள். பாட்டு டீச்சர்களுக்குப் பேசுவது சுலபம், எழுதுவது சிரமம். ஆனால் இந்தச் செய்தியை அம்மா அப்படியே அப்பாவுக்கு அனுப்புவார், ஊரிலுள்ள பாட்டிக்கும் அனுப்பக்கூடும். சனிக்கிழமை காலையில் “எத்தனை மணிக்கு?” என்று மறுபடி தேடிப் பார்ப்பார். எழுத்தில் இருந்தால் ஒரு பார்வையில் கிடைத்துவிடும். மூன்று நிமிடக் குரல் பதிவில் தேதி எங்கே வருகிறது என்று யாரும் தேட மாட்டார்கள்.

இரண்டு ஊர் நேரத்தையும் கிழமையோடு எழுதியிருப்பதைக் கவனியுங்கள். இந்தியாவில் கடிகாரம் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி ஓடுகிறது. அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்து, நவம்பர் முதல் ஞாயிறு பின்னே வைக்கிறார்கள். அதனால் செப்டம்பரில் நியூஜெர்சிக்கும் சென்னைக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், டிசம்பரில் பத்தரை. செப்டம்பரில் சேர்ந்த குழந்தையின் காலை 8 மணி வகுப்பு சென்னையில் மாலை 5:30க்கு நடக்கும். நவம்பரில் அதே காலை 8 மணி, இங்கே 6:30 ஆகிவிடும். அந்த 6:30க்கு டீச்சருக்கு இன்னொரு மாணவர் இருந்தால் சங்கடம்தான். எந்த ஊர்க் கடிகாரத்தை நிலையாக வைத்துக்கொள்வது, குழந்தையின் ஊரா டீச்சரின் ஊரா என்பதை டெமோ வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்திலேயே பேசி முடித்துவிடுவது நல்லது. சிங்கப்பூர்க் குடும்பமானால் இந்தத் தொல்லை இல்லை. அங்கே எப்போதும் இரண்டரை மணி நேரம் முன்னே.

இனி அந்த இருபது நிமிடம். பெற்றோர் பலர் இதை ஒரு தேர்வு என்றே நினைக்கிறார்கள். அதனால் முதல் நாள் இரவு யூடியூபைப் போட்டு ஒரு கீர்த்தனையை அவசரமாகப் பழக்கி அழைத்து வருவார்கள். குழந்தை பயத்தோடு அதை ஒப்பிக்கும். டீச்சருக்கு அதனால் ஒரு விஷயமும் தெரியாது. “முன்கூட்டித் தயார் செய்ய வேண்டாம்” என்ற வரியும், “எந்த மொழியானாலும் சரி” என்ற வரியும் அதற்காகத்தான். பள்ளியில் பாடும் ஆங்கிலப் பாட்டையோ பிறந்தநாள் வாழ்த்தையோ குழந்தை தன் இஷ்டத்துக்குப் பாடும்போதுதான் அதன் இயல்பான குரல் எங்கே நிற்கிறது என்று டீச்சர் பிடித்துக்கொள்வார்.

குரல் நிற்கும் இடத்தைத்தான் கட்டைக் கணக்கில் சொல்கிறோம். ஆர்மோனியத்தில் சி என்ற கட்டையை ஆதாரமாக வைத்தால் 1 கட்டை, ஜி என்றால் 5 கட்டை. சின்னப் பிள்ளைகளுக்கு, ஆணானாலும் பெண்ணானாலும், பெரும்பாலும் 5 கட்டைக்கு முன்பின் அமையும். டீச்சர் அந்தச் சுருதியை வைத்து ஸ, ப, மேல் ஸ மூன்றையும் மெதுவாகப் பாடி, திருப்பிப் பாடச் சொல்வார். சுருதி அதிகம் என்றால் மேல் ஸட்ஜத்துக்குப் போகும்போது குழந்தையின் முகவாய் தானாக உயரும், கழுத்து நரம்பு புடைக்கும், பாட்டு கத்தலாக மாறும். சுருதி குறைவு என்றால் கீழே வரும்போது குரல் காணாமல் போய்க் காற்று மட்டும் வரும். அரைக் கட்டை ஏற்றி இறக்கிப் பார்த்தால் இடம் கிடைத்துவிடும். திரையில் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாம், குழந்தையின் முகமும் கழுத்தும் தெரியும்படி உட்கார வைத்திருந்தால். மடிக்கணினி நல்லது என்பதற்கு ஒரு காரணம் அது. கையில் பிடித்த கைப்பேசியில் மேல்கூரைதான் பாதி நேரம் தெரியும்.

பிறகு சரளி வரிசையின் முதல் வரி. புரந்தரதாசர் வகுத்ததாக மரபு சொல்லும் மாயாமாளவகௌளை ராகம், ஆதி தாளம். ஏன் இந்த ராகம் முதலில் என்றால், இதன் முதல் பாதியும் இரண்டாம் பாதியும் ஒரே அளவில் அடுக்கப்பட்டவை. ஸ விலிருந்து ரி க ம வரை குரல் எப்படித் தாண்டுகிறதோ, ப விலிருந்து த நி மேல் ஸ வரை அதே மாதிரிதான் தாண்டும். பழகும் குழந்தைக்குப் பாதி வேலை மிச்சம். டெமோவில் இதை முழுக்கப் பாடிக்காட்ட வேண்டும் என்று எந்த நல்ல டீச்சரும் எதிர்பார்ப்பதில்லை. அவர் கவனிப்பது வேறு. ஸ்வரம் ஏறும்போது குழந்தையின் குரலும் ஏறுகிறதா? சில பிள்ளைகள் அமைப்பைச் சரியாகப் பாடும், ஆனால் டீச்சரின் சுருதியில் சேராமல் தனக்கென்று ஒரு சுருதியில் பாடும். தம்புராவோடு ஸட்ஜத்தை மட்டும் நிறுத்திப் பாடப் பழக்கினால் பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். ஏற்ற இறக்கமே பிடிபடாமல் எல்லா ஸ்வரத்தையும் ஒரே இடத்தில் சொல்லும் பிள்ளைக்கு அதைவிடப் பொறுமையாக, நிறையக் கேட்கவைத்துத் தொடங்க வேண்டும். இரண்டுமே சேர்க்க முடியாத காரணங்கள் அல்ல.

ஏழு வயதில் பாடத்தைவிடத் தாளம்தான் அதிகம் தடுமாறும். ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டித் திருப்பி, தட்டித் திருப்பி என்று எட்டு எண்ணிக்கை. கை ஒழுங்காகப் போனால் வாய் நின்றுவிடும், வாய் பாடினால் கை நின்றுவிடும். இணையத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. டீச்சர் இங்கே தட்டுவது அங்கே சற்றுத் தாமதமாகத்தான் போய்ச் சேரும், குழந்தையின் குரல் இன்னும் தாமதித்துத் திரும்பி வரும். இருவரும் ஒன்றாகப் பாடவே முடியாது. டீச்சர் பாடி நிறுத்த, குழந்தை தானே தாளம் போட்டுக்கொண்டு பாட வேண்டும். நேரில் கற்ற பெற்றோருக்கு இது விநோதமாக இருக்கும். “சேர்ந்து பாடினால்தானே வரும்?” என்று கேட்பார்கள். டெமோவிலேயே ஒருமுறை சேர்ந்து பாடிக் காட்டிவிட்டால் விளக்கமே தேவைப்படாது.

ஜூமில் கவனிக்க வேண்டியது ஒன்று. அது பேச்சுக்காகச் செய்யப்பட்டது. விடாமல் ஒலிக்கும் தம்புராவை மின்விசிறிச் சத்தம்போல எண்ணி அமுக்கிவிடும், நீட்டிப் பாடும் கார்வையையும் சில சமயம் வெட்டிவிடும். அதன் ஒலி அமைப்பில் Original sound for musicians என்றிருப்பதை இரு பக்கமும் இயக்கி வைத்தால் இது நீங்கும். அதோடு குழந்தையின் பக்கத்தில் இன்னொரு கைப்பேசியில் தம்புரா செயலியை ஓடவிடுவது நல்லது. இதையெல்லாம் முதல் செய்தியிலேயே எழுதினால் பெற்றோர் மிரண்டுவிடுவார்கள். வகுப்புக்கு முந்தின நாள் நேரத்தை நினைவூட்டி இணைப்பை அனுப்பும்போது, அதோடு இரண்டு வரியில் சொன்னால் போதும். ஜூமின் இலவசக் கணக்கில் ஒரு சந்திப்பு 40 நிமிடத்தில் முடிந்துவிடும். 30 நிமிட டெமோ அதற்குள் அடங்கும் என்றாலும், பேச்சு நீண்டால் நடுவில் அறுந்துவிடக்கூடும் என்பதை டீச்சர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அம்மா எங்கே உட்கார வேண்டும் என்பதும் முக்கியம். திரைக்கு வெளியே நின்று “நல்லா பாடு கண்ணா, சத்தமா” என்று சொல்லிக்கொண்டிருந்தால் குழந்தை ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அம்மா முகத்தைப் பார்க்கும். டீச்சர் சொல்வதைக் காதில் வாங்கித் திருப்பிப் பாடுகிறதா என்று பார்க்கத்தானே இந்த வகுப்பு? சின்னக் குழந்தையை இணையத்தில் தனியே விடுவதும் சரியில்லை. அதே அறையில், குழந்தையின் பார்வையில் படாமல், பேசாமல் இருந்தால் போதும். “கடைசி 10 நிமிடம் நீங்களும் வாருங்கள்” என்ற வரி இந்தப் பிரிவினையை மனம் நோகாமல் சொல்லிவிடுகிறது.

பதிவு செய்ய மாட்டேன் என்ற வாக்குறுதியையும் விட்டுவிடக்கூடாது. டெமோவில் பாடிய குழந்தையின் காணொளியை வகுப்பின் விளம்பரத்துக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் அப்படிச் செய்வது தவறு, டீச்சர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

கட்டணத்தை இந்தச் செய்தியிலேயே சொல்வதற்குப் பலர் கூச்சப்படுகிறார்கள். “முதலில் குழந்தை பாடட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம்” என்பார்கள். வித்தையைக் காசோடு சேர்த்துப் பேசக்கூடாது என்ற நம் பழைய மனசு அது, மதிக்க வேண்டியதுதான். ஆனால் நடப்பது என்ன? குழந்தைக்கு டீச்சரைப் பிடித்துப்போகிறது, “அடுத்த வாரம் எப்போ?” என்று கேட்கிறது. அதற்குப் பிறகு கட்டணம் தெரியவந்து, அது கைக்கு மீறியதாக இருந்தால், குழந்தையிடம் காரணம் சொல்ல முடியாமல் பெற்றோர் தவிக்கிறார்கள். இலவச வகுப்பு என்று அழைத்து, முடிந்ததும் நாளுக்கு நாலு முறை போன் செய்து சேரச்சொல்லி நச்சரிக்கும் நிறுவனங்களால் “இலவசம்” என்றாலே சந்தேகப்படும் பெற்றோர் நிறைய. எது வரை இலவசம், எங்கிருந்து எவ்வளவு என்று முன்பே எழுதிவிட்டால் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. ஐந்து சனிக்கிழமை வரும் மாதத்தில் ஐந்தாவதற்கு வகுப்பு உண்டா, குழந்தை விடுப்பு எடுத்தால் ஈடு செய்வார்களா என்பவற்றைக் கடைசிப் பத்து நிமிடத்தில் பெற்றோர் கேட்டுக்கொள்ளலாம். இலவச வகுப்புக்கே அட்டை எண் கேட்கும் இடமாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

டெமோ முடிந்த அன்றே போக வேண்டிய இரண்டாவது செய்திதான் உண்மையில் கடினமானது. “நன்றாகப் பாடினாள், அருமை” என்று மட்டும் எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. நம் நியூஜெர்சிக் குழந்தைக்கு இப்படி எழுதலாம்: “5 கட்டையில் சுகமாகப் பாடுகிறாள். கேட்டதை உடனே பிடித்துக்கொள்கிறாள். ஸட்ஜத்தில் நிற்க இன்னும் பழக வேண்டும், முதல் மாதம் அதிலேயே அதிகம் செலவிடுவேன். தாளம் மெல்ல வரும். தினம் 10 நிமிடம் தம்புராவோடு உட்கார்ந்தால் போதும். முதல் பாட்டுக்கு வர மாதக்கணக்கில் ஆகும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.” கடைசி வரி சில பெற்றோரைப் பின்வாங்க வைக்கும். மூன்றாவது மாதத்தில் “இன்னும் ஸரிகமவா?” என்று சலித்து நிறுத்துவதைவிட முன்னாலேயே பின்வாங்குவது குழந்தைக்கு நல்லது. ஐந்து வயதுக் குழந்தை பத்து நிமிடத்தில் நாற்காலியை விட்டு இறங்கி ஓடிவிட்டால், “ஆறு மாதம் கழித்து வாருங்கள், அதுவரை வீட்டில் பாட்டு கேட்கட்டும்” என்று எழுதுவதும் ஒரு முழுமையான பதில்தான். அந்தக் குடும்பம் திரும்பி வரும்.

அதன் பிறகு 17ஆம் தேதி வரை டீச்சர் காத்திருக்கலாம். பதில் இல்லையென்றால் ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால் அந்த நேரத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம், அதைச் சொல்லியும் விடலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்காக எடுத்து வைத்த சனிக்கிழமை மாலை 5:30 மணிக்கு இன்னொரு குழந்தையும் காத்திருக்கக்கூடும். சேர்வதில்லை என்று முடிவு செய்தால் காரணம் சொல்ல வேண்டாம், தயங்கவும் வேண்டாம். “இப்போதைக்கு வேண்டாம் டீச்சர், நன்றி” என்று அன்றைக்கே ஒரு வரி போட்டுவிடுங்கள்.